சீட் பெல்ட்டை எடுத்துவிட்டேன், ஆனால் பெல்ட் இருந்த பள்ளம் சட்டையில் அப்படியே நிற்கிறது. என்ன செய்வது?

குடியாத்தம் ஸ்டுடியோ

வணக்கம். குடியாத்தத்தில் சின்னதாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் பெரியவர் தவறிவிட்டார். கடைசி இரண்டு வருடத்தில் அவர் சிரித்த முகமாக இருக்கிற ஒரே படம், காரில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அவரே எடுத்த செல்ஃபி. நெஞ்சுக்குக் குறுக்கே கறுப்பு சீட் பெல்ட். படத்தில் நமக்கு வலது பக்கமாக இருக்கிற தோளில் தொடங்கி இடது கீழே இறங்குகிறது. அதை எடுத்து 12×18 பிரேம் போட்டுத் தரவேண்டும். பதினாறாம் நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

சட்டை நீலக் கட்டம். அதுதான் தொல்லை. போட்டோஷாப் CS6-இல் பெல்ட்டை செலக்ட் பண்ணி Content-Aware கொடுத்தேன்; கட்டமெல்லாம் உருகின மெழுகு மாதிரி வந்தது. அப்புறம் Clone Stamp எடுத்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். கோடுகள் ஓரளவு சேர்ந்துவிட்டன. ஆனால் தள்ளி நின்று பார்த்தால் அவர் கண்ணுக்குத் தெரியாத பெல்ட் ஒன்றைப் போட்டிருப்பது போலவே இருக்கிறது. எங்கே தப்பு பண்ணுகிறேன்?

ஆம்பூர் பிளக்ஸ்

தம்பி, இதற்கா இரண்டு மணி நேரம்? கழுத்தோடு வெட்டி ஒரு ரெடிமேட் வெள்ளைச் சட்டையில் ஒட்டு. கோட்டு, வெள்ளைச் சட்டை என்று நாற்பது ஐம்பது PSD வைத்திருக்கிறேன், வேண்டுமானால் அனுப்புகிறேன். பத்து நிமிட வேலை. எப்படியும் படத்துக்குச் சந்தன மாலை போடப் போகிறார்கள், நெஞ்சில் பாதி மறைந்துவிடும்.

குடியாத்தம் ஸ்டுடியோ

அண்ணா, முதலில் அதைத்தான் செய்து காட்டினேன். அவருடைய மகள் பார்த்துவிட்டு, "அப்பா இப்படி வெள்ளைச் சட்டையே போட்டதில்லை, இது யாரோ மாதிரி இருக்கிறது" என்றார். அந்தச் சட்டைதான் வேண்டுமாம்.

ஆற்காடு ரீடச்

மூன்று கேள்வி. ஒன்று, அந்தச் சட்டை இன்னும் வீட்டில் இருக்கிறதா? இருந்தால் அதே உடல்வாகில் ஒருவரை மாட்டச் சொல்லி, ஜன்னல் ஓரம் உட்கார வைத்து ஒரு படம் எடு. அதைவிட நல்ல துணி உனக்குக் கிடைக்காது. இரண்டு, உன்னிடம் இருப்பது வாட்ஸப்பில் வந்த படமா, அசலா? மூன்று, சட்டைப் பை படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது?

குடியாத்தம் ஸ்டுடியோ

சட்டை இல்லை அண்ணா. துணிமணியெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டார்களாம். படம் வாட்ஸப்பில் வந்ததுதான், 1200×1600. பை நமக்கு இடது பக்கம் இருக்கிறது. அதனால் என்ன?

ஆற்காடு ரீடச்

அப்படியானால் உன் படம் கண்ணாடிப் பிம்பம். நம் ஊர்க் காரில் ஓட்டுகிறவருக்குப் பெல்ட் அவருடைய வலது தோளிலிருந்து வரும். எதிரே இருந்து பார்க்கிற நமக்கு அது இடது பக்கம் தெரிய வேண்டும். நீ வலது என்று எழுதினபோதே சந்தேகப்பட்டேன். பையும் அவருடைய இடது மார்பில், அதாவது நமக்கு வலது பக்கம் இருக்கவேண்டும். சில போன்களில் செல்ஃபி அப்படியே திரும்பிப் பதிவாகிவிடும். வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடு. இதைக் கடைசியில் கண்டுபிடித்தால், பொத்தான் பட்டியை எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் மடித்து வரைவது என்று குழம்பிப் போவாய். ஆண்கள் சட்டையில் இடது பாதி வலது பாதிக்கு மேல் வரும்.

அசலை வீட்டிலிருந்து டாக்குமெண்டாக அனுப்பச் சொல். 1600 புள்ளியை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 89தான் கிடைக்கும். அதில் கட்டத்தின் ஓரமே கரைந்து போயிருக்கும், கரைந்த ஓரத்தை எதோடு சேர்ப்பாய்?

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பெல்ட் துணியை மறைக்க மட்டும் இல்லை, அமுக்கிக்கொண்டும் இருக்கிறது. அதன் இரு ஓரத்திலும் துணி உப்பி எழுந்திருக்கும், ஒரு ஓரத்தில் நிழல் விழுந்திருக்கும், சின்னச் சின்னச் சுருக்கங்கள் பெல்ட்டை நோக்கி ஓடி வந்து அங்கே நின்றுபோயிருக்கும். நீ கறுப்பை மட்டும் எடுத்தாய், அமுக்கத்தை விட்டுவிட்டாய். பெல்ட் 180 புள்ளி அகலம் என்றால், மாஸ்க் இரண்டு பக்கமும் இன்னும் ஐம்பது அறுபது புள்ளி தள்ளிப் போகவேண்டும். உப்பல் எங்கே அடங்குகிறதோ அதுவரைக்கும் அந்தத் துணி நமக்கு ஆகாது. மனசு வராது, நல்ல துணியைத் தூக்கிப் போடுகிற மாதிரி இருக்கும். போட்டுத்தான் ஆகவேண்டும்.

சத்துவாச்சாரி அக்கா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் இதே மாதிரி ஒன்று. வேலூர்க் கோட்டை அகழி ஓரம் நின்று எடுத்த படம், பட்டுப் புடவை மேல் குறுக்கே ஒரு தோள்பையின் வார். இதற்கும் இவ்வளவு அகலமாக வெட்டவேண்டுமா?

ஆற்காடு ரீடச்

வேண்டாம் அக்கா. தோள்பை வார் மெல்லியது, காலிப் பையாக இருந்தால் புடவையை அவ்வளவாக அமுக்காது. முந்தானை மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையிலேயே Patch கருவியை இழுத்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். ஜரிகைக் கரையை மட்டும் Patch-இல் தொடாதீர்கள், மினுமினுப்பு சாம்பலாகிவிடும். கரையை வெட்டி நகர்த்தி வையுங்கள்.

குடியாத்தம் ஸ்டுடியோ

அசல் வந்துவிட்டது, 2448×3264. திருப்பியும் போட்டுவிட்டேன். அவர் மனைவி பார்த்து, "வகிடு இப்பதான் சரியா இருக்கு" என்றார். நாங்கள் யாரும் கவனிக்கவே இல்லை. மாஸ்க்கை அகலமாக எடுத்தால் இப்போது பெரிய ஓட்டை. எதை வைத்து அடைப்பது? அந்தப் பக்கத்துத் தோளையும் மார்பையும் அப்படியே திருப்பிப் போடலாமா?

ஆம்பூர் பிளக்ஸ்

நான் அப்படித்தான் செய்வேன். மனித உடம்பு இரண்டு பக்கமும் ஒன்றுதானே.

ஆற்காடு ரீடச்

தோளுக்குச் சரி, மார்புக்குச் சரியில்லை. மார்பைத் திருப்பினால் பையும் கூடவே வரும், இரண்டு பையோடு காவலர் சட்டை ஆகிவிடும். வெளிச்சமும் எதிர்ப்பக்கம் மாறும். அவருக்கு வெளிச்சம் வலது கண்ணாடி வழியாக, படத்தில் இடமிருந்து வருகிறது. திருப்பின துண்டில் அது வலமிருந்து வரும்.

நல்ல துணி கையிலேயே இருக்கிறது. படத்தில் நமக்கு இடது பக்கம், பெல்ட்டுக்குக் கீழே, வயிற்றுக்கு மேலே பை இல்லாத வெறும் துணி இருக்கும் பார். வெளிச்சமும் அதே பக்கம். அங்கே Lasso-வில் பெரிய துண்டாக எடுத்து Ctrl+J கொடு, மேலே நகர்த்து, Edit > Transform > Warp-இல் வளைத்துக் கோட்டோடு கோட்டைப் பொருத்து. மூன்று நான்கு துண்டு போதும். Clone Stamp-இல் புள்ளி புள்ளியாகத் தடவினால் ஒவ்வொரு தடவலிலும் கோடு ஒரு மயிரிழை விலகும், கடைசியில் மொத்தமும் கோணல். ஓட்டைக்கு விளிம்பில் கறுப்பு மிச்சம் இருக்கும்போது Healing Brush-ஐயும் எடுக்காதே, கறுப்பை உறிஞ்சி அழுக்காக்கும்.

துண்டும் துண்டும் சேர்கிற இடத்தை மாஸ்க்கில் மழுக்கி விடாதே. கட்டத்தின் அடர்ந்த கோட்டின் மேலேயே ஒட்டு விழும்படி வெட்டு. அங்கே கண் ஒரு கோட்டை எதிர்பார்க்கிறது, அதனால் ஒட்டு தெரியாது.

இதையெல்லாம் தொடங்குமுன் ஒரு கணக்குப் போடு. தெளிவாகத் தெரிகிற இரண்டு பொத்தானுக்கு நடுவே எத்தனை கட்டம்?

குடியாத்தம் ஸ்டுடியோ

முதல் பொத்தானுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 9 கட்டம். மூன்றாவது பெல்ட்டுக்கு அடியில் போய்விட்டது. நான்காவது தெரிகிறது. நான் க்ளோன் பண்ணினதில் இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே எண்ணினால் 15தான் வருகிறது!

ஆற்காடு ரீடச்

18 வரவேண்டும். காலர் பொத்தானை விட்டுவிட்டால், ஒரே சட்டையில் பொத்தான் இடைவெளி பெரும்பாலும் ஒன்றுதான். மூன்றாவது பொத்தான் ஒன்பதாம் கட்டத்தில் உட்காரும், கண்ணால் குத்துமதிப்பாக வைக்காதே. ஒரு புது லேயரில் மெல்லிய சிவப்புக் கோட்டால் பதினெட்டையும் முதலில் வரைந்துகொள், அப்புறம் துணியை அதன்மேல் பரப்பு.

குடியாத்தம் ஸ்டுடியோ

வரைந்தேன். ஆனால் ஒரு கட்டம் 38 புள்ளி, பதினெட்டுக்கு 684 வேண்டும். இரண்டு பொத்தானுக்கும் நடுவே 645தான் இருக்கிறது. ஒரு கட்டத்துக்கு இடமே இல்லை.

ஆற்காடு ரீடச்

அதுதான் பெல்ட் தின்ற துணி. அமுக்கி, உப்ப வைத்து, ஒரு கட்டத்தை மடிப்புக்குள் தள்ளிவிட்டது. இரண்டு வழி. நான்காவது பொத்தானையும் அதற்குக் கீழே உள்ளதையும் ஒரு கட்டம் இறக்கிவிடலாம், கீழே வெட்டிவிடப் போகிறாய்தானே. இல்லையென்றால் மார்புக்குக் கீழே ஒரு சின்ன மடிப்பு வரைந்து அந்தக் கட்டத்தை அதற்குள் மறைக்கலாம். உட்கார்ந்திருக்கிறவர் சட்டையில் மடிப்பு இருப்பது இயல்பு. நான் மடிப்பைத்தான் எடுப்பேன்.

துணி முடிந்ததும் மேலே ஒரு லேயர், 50% சாம்பல் நிரப்பி Soft Light. Dodge, Burn இரண்டையும் ஐந்து சதவீதத்துக்கு மேல் வைக்காதே. அக்குளிலிருந்து வருகிற மடிப்பு பழைய பெல்ட் இடத்தில் நிற்காமல் மறுபக்கம் வரை ஓடித் தேயவேண்டும். படத்தை 25%க்குச் சுருக்கி, கண்ணைச் சுருக்கிப் பார். அப்போதும் குறுக்கே ஒரு சாய்வுப் பட்டை தெரிந்தால் வெளிச்சம் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம்.

ஆம்பூர் பிளக்ஸ்

அவ்வளவு செய்தும் பட்டை தெரிந்தால், அது நிழலாக இல்லாமல் வியர்வையாக இருக்கலாம் தம்பி. மே மாதப் படமா? வேலூர் வெயிலில் பெல்ட்டுக்கு அடியில் நனைந்து, ஓரத்தில் நீலம் கருநீலமாகிவிடும். எத்தனை கல்யாண மாப்பிள்ளைக்குத் துடைத்திருக்கிறேன்.

ஆற்காடு ரீடச்

இது நல்ல பாயிண்ட். Dodge போட்டால் ஈரம் வெளுக்கும், காயாது. அந்த இடத்துக்கு மட்டும் Hue/Saturation வைத்துப் பக்கத்துத் துணியின் நீலத்துக்குக் கொண்டு வா.

குடியாத்தம் ஸ்டுடியோ

வியர்வையேதான்! கீழ் ஓரத்தில் கை அகலத்துக்கு இருந்தது. மூன்று நாள் ராத்திரி உட்கார்ந்து முடித்துவிட்டேன். மடிப்பு வழியைத்தான் எடுத்தேன், 18 கட்டமும் வந்துவிட்டது. தோளுக்கு மறு தோளைத் திருப்பி Curves-இல் கொஞ்சம் ஏற்றினேன். ஒட்டின துண்டுகள் மட்டும் வழவழப்பாகத் தெரிந்ததால் Add Noise 2% கொடுத்தேன். இன்று காலை 6×9-இல் சோதனைப் பிரிண்ட் எடுத்துக் காட்டினேன், வீட்டில் திருப்தி.

எனக்கு மட்டும் ஒரு இடம் உறுத்துகிறது. தோளின் மேல்பட்டியில், கழுத்துக்குப் பக்கத்தில், கட்டம் எந்தப் பக்கம் ஓடவேண்டும்? திருப்பின தோளில் கோடு சாய்ந்து கழுத்தை நோக்கிப் போகிறது. தையல்காரரிடம் கேட்டேன், மேல்பட்டி இரண்டு பக்கமும் ஒரே துணி, ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் எதிராகச் சாயாது என்கிறார்.

ஆற்காடு ரீடச்

குறுக்கு வெட்டில் வெட்டின மேல்பட்டியாக இருந்தால் கட்டம் டைமண்ட் மாதிரி நிற்கும், அதைத் திருப்பினாலும் வித்தியாசம் தெரியாது. நேர் வெட்டாக இருந்தால் பார்க்காமல் சொல்ல முடியாது. தோளை மட்டும் வெட்டி ஒரு துண்டு அனுப்பு, பார்க்கிறேன்.

சத்துவாச்சாரி அக்கா

காலர் மறைக்காதா அதை?

குடியாத்தம் ஸ்டுடியோ

பாதி மறைக்கிறது அக்கா. மீதி பாதிதான் தூங்க விடவில்லை. நாளைக் காலை அனுப்புகிறேன் அண்ணா, பிரிண்ட் மறுநாள்தான்.