அழைப்புத் திரைக்கான சொற்கள்: சேர், இணை, சிறுசாளரம்

மாறன்:
வணக்கம். போன் செயலியின் தமிழாக்கத்தில் மூன்று சொற்கள் பாக்கி. Call waiting: அழைப்புக் காத்திருப்பு. Add call: ஆளைச் சேர். Picture-in-picture: படத்தினுள் படம். மாற்றம் இருந்தால் சொல்லுங்கள்.

கயல்விழி:
இரண்டாவது சொல் ஆளைக் குழப்பிவிடும், மாறன். பேச்சின் நடுவே Add call-ஐத் தொட்டால் யாரும் சேர்வதில்லை. எண் பலகை திறக்கும். இரண்டாமவரைத் தனியாக அழைக்க வேண்டும், அந்த நேரத்தில் முதலாமவர் ஹோல்டுக்குப் போய்விடுவார். இரண்டாமவர் எடுத்த பிறகு Merge-ஐத் தொட்டால்தான் எல்லோரும் ஒன்றாகப் பேசலாம். "ஆளைச் சேர்" என்று படித்த அம்மா, அக்காவும் கேட்கிறாள் என்று நம்பித் தம்பியிடம் மட்டும் பேசிக்கொண்டிருப்பார். Add call-க்கு "இன்னொரு அழைப்பு", Merge-க்கு "இணை" என்று வைக்கலாம். வாட்ஸ்அப்பில் ஆளைத் தேர்ந்ததும் நடக்கிற அழைப்புக்கே அவரைக் கூப்பிடுகிறது; "ஆளைச் சேர்" அங்கே சரி.

சேவியர்:
Merge-க்கு "மூவர் அழைப்பு" போதுமே? அது கிடக்கட்டும், நான் பேசும்போது வேறு யார் கூப்பிட்டாலும் அவர்களுக்கு பிஸி என்றே வருகிறதாம். "அழைப்புக் காத்திருப்பு" என்ற சொல் எனக்குப் பயன்படவே போவதில்லை போல.

கயல்விழி:
சேவியர் அண்ணா, உங்கள் போனில் அந்த வசதி அணைந்திருக்கலாம். `*#43#` அடித்தால் நிலை தெரியும், `*43#` அடித்தால் இயங்கும், `#43#` அணைக்கும். சில போன்களில் அழைப்பு அமைப்புகளிலும் பார்க்க வேண்டியிருக்கும். "மூவர்" பொருந்தாது: ஜிஎஸ்எம் நெறியில் நம்மைத் தவிர ஐந்து பேர் வரை இணையலாம்.

நசீமா:
"இணை" என்பதை வழிமொழிகிறேன், ஆனால் எச்சரிக்கை வரியும் வேண்டும். பேச்சின் நடுவே புதிய எண்ணிலிருந்து அழைப்பு வரும். "என் நண்பர்தான், இணைத்துவிடுங்கள்" என்பார் எதிரில் இருப்பவர். உண்மையில் அது ஓடிபி சொல்லும் வங்கியின் தானியங்கி அழைப்பு. இணைத்த நொடியில் ஓடிபியை அவரும் கேட்டுவிடுவார். இந்த மோசடி பற்றி 2025 பிப்ரவரியில் யுபிஐ தரப்பே எச்சரித்தது. பொத்தானின் கீழே "இணைந்த எல்லோருக்கும் எல்லாமே கேட்கும்" என்று சின்ன எழுத்தில் போடலாம்.

மாறன்:
இரண்டையும் ஏற்கிறேன். மூன்றாவது, Picture-in-picture?

சேவியர்:
"மிதக்கும் குமிழி" என்று போடுங்கள், மெசெஞ்சரில் வருகிறதே, அதுதானே இது.

நசீமா:
மேலே மிதப்பது வரை சரி அண்ணா. குமிழியைத் தொட்டால் உரையாடல் விரிந்து தட்டச்சு செய்யலாம். Picture-in-picture-இன் சின்னச் சாளரத்தில் வீடியோவைப் பார்க்கலாம், நகர்த்தலாம், ஓரிரு பொத்தான்களைத் தொடலாம், தட்டச்சு முடியாது. ஆண்ட்ராய்டு 8 முதல் போன்களில் உள்ளது. செயலிக்கு அனுமதி அணைந்திருந்தால், முகப்புக்குப் போனதும் சாளரம் வராது. பெரும்பாலும் குரல் மட்டும் தொடரும். பயனர் அமைப்புகளில் தேடப்போவது இந்தச் சொல்லைத்தான். வீடியோ அழைப்பில் இருப்பது எதிரிலுள்ளவரின் முகம், அதைப் "படம்" என்றால் புகைப்படமோ சினிமாவோ நினைவுக்கு வரும். "சிறுசாளரம்" என் விருப்பம்.

கயல்விழி:
தொலைக்காட்சியில் "படத்தினுள் படம்" பொருந்தும், ஏனென்றால் இரண்டுமே படங்கள். போனில் அடியில் வங்கிச் செயலி கூட இருக்கலாம். ஆனால் "சிறுசாளரம்" என்றால், திரையை இரண்டாகப் பிரிக்கும் வசதியோடு குழம்பாதா?

மாறன்:
இதை மட்டும் திறந்தே வைக்கிறேன். மற்ற இரண்டும் இன்றே கோப்பில் ஏறும்.