எல்லா சட்டிக்கும் ஒரே பத்தி: பாத்திரக்கடை சைட்ல பக்கம் பக்கமா மாத்தி எழுதின அனுபவம்

சட்டிபானை

இரும்பு, வார்ப்பிரும்பு, கல்சட்டி விக்கிற ஒரு கடைக்கு ஆன்லைன் கேட்டலாக் நான்தான் பாத்துக்கிறேன். முன்னாடி யாரோ எழுதி வச்ச பத்தி எல்லாப் பக்கத்துலயும் அப்படியே இருந்துச்சு, பேரு மட்டும் மாறும். “பாரம்பரிய முறையில் தயாரான இந்த ___ ஆரோக்கியமான சமையலுக்கு ஏற்றது, கேஸ் மற்றும் இண்டக்‌ஷனில் பயன்படுத்தலாம், அனைத்து வகை சமையலுக்கும் உகந்தது.” தோசைக்கல்லுக்கும் இதே, குழிப்பணியாரக் கல்லுக்கும் இதே, கல்சட்டிக்கும் இதே.

ஒரே பத்தி இருந்தா கூகிள் தேடல்ல பக்கம் வராதுங்கிற பிரச்சனையா மட்டும் இதைப் பாக்காதீங்க. அந்தப் பத்தி பாதிப் பக்கத்துல பொய். கல்சட்டி மாக்கல்லு, அதுல காந்தம் ஒட்டாது, இண்டக்‌ஷன்ல சூடே ஏறாது. குழிப்பணியாரக் கல்லு இரும்புதான், ஆனா அடிப்பக்கம் குண்டு குண்டா இருக்கிறதால இண்டக்‌ஷன் தட்டுல ஒழுங்கா உக்காராது. இரும்புச் சட்டியில புளிக்குழம்பு வச்சா கறுத்துப்போய் இரும்பு வாடை அடிக்கும், அதே குழம்பு கல்சட்டியில அருமையா வரும். “அனைத்து வகை சமையல்”னு ரெண்டுக்கும் சேத்து எப்படி எழுதுறது? பொருள் திரும்பி வர்றதுக்கு காரணமே பாதி இந்த வரிதான்.

அதனால எழுத உக்கார்றதுக்கு முன்னாடி குடோனுக்குப் போனேன். தராசு, டேப், ஒரு நோட்டு. ஒவ்வொண்ணுக்கும் எடை, விட்டம், அடிப்பக்கம் தட்டையா குழிவா, காதா கைப்பிடியா, எந்த பர்னர்ல சரியா உக்காருது, இவ்வளவுதான் பாத்தேன். அப்புறம் கடை வாட்ஸ்அப்ப எடுத்து ஜனங்க வாங்குறதுக்கு முன்னாடி என்ன கேக்குறாங்கன்னு பொருள் வாரியா பிரிச்சேன். தோசைக்கல்லுக்கு “வெயிட் எவ்ளோ, அம்மாவால தூக்க முடியுமா”, கல்சட்டிக்கு “விரிசல் விடுமா”, பணியாரக் கல்லுக்கு “எத்தனை குழி, மூடி வருமா”. பக்கத்துல என்ன இருக்கணும்னு அந்தக் கேள்விகளே சொல்லிடுச்சு.

12 இன்ச் வார்ப்பிரும்பு தோசைக்கல் பக்கம் இப்போ இப்படி இருக்கு:

“எடை சுமார் 2.8 கிலோ, கையால் வார்க்கிறதால 100, 150 கிராம் கூடக் குறைய இருக்கும். ரெண்டு பக்கமும் காது, நீள கைப்பிடி கிடையாது, துணி பிடிச்சு ரெண்டு கையாலதான் தூக்கணும். பெரிய பர்னர்ல வைங்க, சின்ன பர்னர்ல வச்சா நடு முறுகி ஓரம் வேகாம நிக்கும். இண்டக்‌ஷன்ல சூடாகும், ஆனா வீட்டு இண்டக்‌ஷனோட காயில் இந்தக் கல்லை விடச் சின்னது, சிம்ல வச்சு மெதுவா காய விடுங்க. ரெண்டு பேர் உள்ள வீட்டுக்கு 10 இன்ச் போதும், அது கிட்டத்தட்ட 1 கிலோ குறைவு.”

கடைசி வரியை எடுக்கச் சொல்லி ஓனர் சொன்னாரு, சின்னதை வாங்கிடுவாங்களேன்னு. நான் விடல. தூக்க முடியாத கல்லை வாங்கிட்டு திருப்பி அனுப்புறதுக்கு கூரியர் காசு யாரு குடுக்குறது?

ராங்க்மணி

நல்லா இருக்கு ப்ரோ, ஆனா இவ்ளோ மெனக்கெடணுமா? டூப்ளிகேட் கன்டென்ட்னா கூகிள் பெனால்டி போடும், ஒரு 30 சதவீதம் வார்த்தைய மாத்திட்டா தப்பிச்சிடலாம். “பாரம்பரிய”க்கு “மரபுவழி”, “ஏற்றது”க்கு “பொருத்தமானது”னு மாத்திட்டே போங்க. இல்லன்னா இதுதான் மூலப் பக்கம்னு கூகிளுக்குச் சொல்ற கேனானிக்கல் டேக்க எல்லாப் பக்கத்துக்கும் ஒண்ணாவே குடுத்துடுங்க, முடிஞ்சுது.

தேடல்பொறியாளர்

தம்பி, ஒரே மாதிரி பக்கம் பிரச்சனைன்னு சொன்னது சரி, மத்தது சரியில்ல. நம்ம சைட்டுக்குள்ள பத்தி திரும்பத் திரும்ப வந்தா அதுக்குன்னு பெனால்டி எதுவும் கிடையாது, கூகிளே இதை வெளிப்படையா சொல்லியிருக்காங்க. நடக்குறது வேற. ஒண்ணா தெரியுற பக்கங்களைக் கூட்டமா சேத்து அதுல ஒண்ணை மட்டும் எடுத்துக்கும், மத்தது தேடல்ல வராது. எதை எடுக்கும்னு நம்ம கையில இல்ல, ஸ்டாக் இல்லாத பொருளோட பக்கமாக்கூட இருக்கலாம். 30 சதவீதம்னு ஒரு கணக்கும் கிடையாது.

நடந்திருக்கான்னு பாக்க கூகிளோட சர்ச் கன்சோல்ல பேஜ் இண்டெக்ஸிங் ரிப்போர்ட்ட திறங்க. `Duplicate, Google chose different canonical than user`னு ஒரு வரி இருந்தா அதுக்குள்ள உள்ள பக்கத்தை எடுத்து யுஆர்எல் இன்ஸ்பெக்‌ஷன்ல போடுங்க, கூகிள் எந்தப் பக்கத்தை எடுத்துக்கிச்சுன்னு அங்கயே காட்டும்.

கேனானிக்கல் ஒரே பொருளோட ரெண்டு முகவரிக்குத்தான். பணியாரக் கல்லுல இருந்து தோசைக்கல்லுக்கு கேனானிக்கல் குடுத்தா ஒண்ணு கூகிள் அதை மதிக்காது, மதிச்சா உங்க பணியாரக் கல் பக்கம் தேடல்லயே இருக்காது. ரெண்டுமே நஷ்டம்.

நூல்கண்டு

எங்களுது கைத்தறி புடவைங்க. ஒவ்வொரு புடவையும் ஒரே பீஸ், வித்துட்டா பக்கமே போச்சு. ஒவ்வொண்ணுக்கும் தராசும் டேப்பும் தூக்கிட்டு நின்னா எப்ப ஏத்துறது, எப்ப விக்கிறது அண்ணா?

சட்டிபானை

உங்களுக்கு நான் செஞ்ச மாதிரி முழுசா எழுத வேண்டாம்னுதான் தோணுது அக்கா. போட்டோ எடுக்கும்போது பக்கத்துல ஒருத்தர் நின்னு நூல் கவுண்ட், கரை அகலம், ப்ளவுஸ் துணி சேந்திருக்கா தனியா, வெயில்ல பாத்தா கலர் எப்படி மாறுது, இந்த நாலையும் குறிச்சாப் போதும். துவைக்கிற முறை மாதிரி எல்லாப் புடவைக்கும் பொதுவானதை ஒரு தனிப் பக்கத்துல வச்சு லிங்க் குடுத்துடுங்க. ஆனா வித்துப்போன பக்கத்தை என்ன பண்றதுன்னு எனக்கு அனுபவம் இல்ல, தெரிஞ்சவங்க சொல்லட்டும்.

மின்னல்கடை

என் ப்ராடக்ட் போட்டோவ இன்னொரு கடைக்காரன் அப்படியே எடுத்துப் போட்டுட்டான், அதுக்கு என்ன பண்றது?

தேடல்பொறியாளர்

அது காப்பிரைட் விஷயம், கூகிள்ல அதுக்குன்னு தனியா புகார் ஃபார்ம் இருக்கு, அதுல போடுங்க. இங்க பேசுறது நம்ம சைட்டுக்குள்ளயே ஒரே பத்தி இருக்கிறதப் பத்தி.

சட்டிபானை, பேரு மட்டும் மாறுன பக்கங்களை எப்படிப் பிடிச்சீங்க? நிறைய பேருக்கு அங்கதான் சிக்கும்.

சட்டிபானை

கேட்டலாக்கை சிஎஸ்வியா இறக்கி ஷீட்ல போட்டேன், ஏ காலம்ல பேரு, பி காலம்ல விவரம். பேரைத் தூக்கிட்டா மிச்சம் ஒண்ணா இருக்கான்னு தெரிஞ்சிடும்:

```
=SUBSTITUTE(B2,A2,"X")
```

இதைக் கீழ வரைக்கும் இழுத்து அந்த காலத்தை வச்சு வரிசைப்படுத்தினா ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் பக்கத்துப் பக்கத்துல வந்து நிக்கும். பேரை விவரத்துல வேற மாதிரி எழுதியிருந்தா மட்டும் தப்பிச்சிடும், அதைக் கண்ணால பாக்கணும்.

இன்னொண்ணு. கல்சட்டி 1 லிட்டர், 2 லிட்டர், 3 லிட்டர் மூணுக்கும் தனித்தனிப் பக்கம் இருந்துச்சு. பழக்குற முறையும் ஒண்ணு, சூட்டோட பச்சத்தண்ணி ஊத்தினா விரிசல் விடும்ங்கிற எச்சரிக்கையும் ஒண்ணு, அளவு மட்டுந்தான் வேற. சொல்றதுக்கே வித்தியாசம் இல்லாதப்ப வார்த்தைய மாத்தி எழுதி என்ன பிரயோஜனம்? மூணையும் ஒரே பக்கமாக்கி அளவைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி வச்சு, பழைய முகவரியில இருந்து 301 ரீடைரக்ட் போட்டுட்டேன்.

ராங்க்மணி

இதுல ஒத்துக்க மாட்டேன் ப்ரோ. “3 லிட்டர் கல்சட்டி”னே தேடுறவங்க இருக்காங்க, தனிப் பக்கம் இருந்தா விளம்பரத்துல இருந்து நேரா அங்கயே இறக்கலாம்.

தேடல்பொறியாளர்

அளவைத் தேர்ந்தெடுத்த நிலையிலயே திறக்கிற முகவரி இருந்தா விளம்பரத்துக்கு அது போதும். ஆனா 3 லிட்டர்ல எத்தனை பேருக்கு குழம்பு வைக்கலாம், காலியாவே எவ்ளோ கனம்னு சொல்றதுக்கு நிஜமா இருந்தா தனிப் பக்கமும் நிக்கும். கடைக்குக் கடை மாறும்.

சட்டிபானை

காலியாவே அது ரொம்ப கனம்தான், அதை எங்கயும் எழுதல. எடை போட்டுப் பாத்துட்டு முடிவு பண்றேன். பழைய பக்கங்கள்ல கொஞ்சம் மெதுவா தேடல்ல வர ஆரம்பிச்சிருக்கு, சிலதை கூகிள் வந்து பாத்தும் தேடல்ல சேத்துக்கல, இன்னும் `Crawled - currently not indexed`லயே நிக்குது. ஆனா கல்சட்டிய இண்டக்‌ஷன்ல வச்சுட்டு சூடே ஆகலைன்னு வர்ற ஃபோன் நின்னுடுச்சு.