தளப்பரப்புக் குறியீடு 1.5 என்றால் மனையில் எவ்வளவு இடத்தில் கட்டலாம்?

செல்வம்:
என் மனை 12 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம், ஆக 300 சதுர மீட்டர். குறியீடு 1.5. முன்னும் பின்னும் 3 மீட்டர், இரு பக்கங்களிலும் 1.5 மீட்டர் செட்பேக் விட வேண்டும். தரைத்தளமும் முதல் தளமும் போதும் என்றால், மனையின் முக்கால் பங்கில் கட்டிக்கொள்ளலாமா?

இளங்கோ:
கட்டலாம். 300-ஐ 1.5-ஆல் பெருக்கினால், எல்லாத் தளங்களும் சேர்த்துக் கட்டக்கூடிய பரப்பு 450 சதுர மீட்டர். அதை இரண்டு தளங்களுக்குப் பிரித்தால் தளத்துக்கு 225, அதாவது முக்கால் பங்கு. குறியீட்டைத் தளங்களின் எண்ணிக்கையால் வகுத்தாலே தரையில் கட்டடம் பிடிக்கும் பங்கு கிடைத்துவிடும்.

தமிழரசி:
இளங்கோ அவர்களின் வகுத்தல் சரி. ஆனால் அதில் கிடைப்பது 450-ஐ முழுவதும் பயன்படுத்தத் தேவைப்படும் பங்குதானே தவிர, கட்ட அனுமதி உள்ள பங்கு அல்ல. செட்பேக்கைக் கழித்துப் பாருங்கள். அகலத்தில் 9 மீட்டரும் நீளத்தில் 19 மீட்டரும் மிஞ்சும். அது 171 சதுர மீட்டர், மனையில் 57 விழுக்காடு. செல்வம் அவர்கள் இரண்டே தளங்கள் கட்டினால் அதிகபட்சம் 342 சதுர மீட்டர்தான் கிடைக்கும், மீதி 108 பயன்படாமல் போகும். 450-உம் வேண்டுமென்றால் மூன்றாவது தளம் தேவை. அப்போது தளத்துக்கு 150, அதாவது பாதி மனை போதும். உயர வரம்பு மூன்று தளங்களுக்கு இடம் தருகிறதா என்பதை வரைபடம் போடுவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஃபாத்திமா:
எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். தூண்களின் மேல் வீட்டை எழுப்பிக் கீழே கார் நிறுத்தினால் அந்த இடம் குறியீட்டுக் கணக்கில் வராது என்றார்கள். எங்கள் ஊர் விதியிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் கார் நிறுத்துமிடத்தின் கூரையைப் பக்கச் சுவர் வரை இழுத்துவிட்டோம். ஆய்வுக்கு வந்தவர் டேப்பை வைத்து அளந்துவிட்டு, பக்க இடைவெளி இல்லை என்று நிறுத்தச் சொன்னார். கணக்கில் வராத இடத்துக்கு இடைவெளி எதற்கு என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

தமிழரசி:
ஃபாத்திமா அவர்களே, இரண்டும் வேறு வேறு அளவுகள். எவ்வளவு தளப்பரப்பு என்பதைக் குறியீடு பார்க்கிறது; அண்டை வீட்டுச் சன்னலுக்கு வெளிச்சமும் தீயணைப்போர் நுழைய வழியும் இருக்கிறதா என்பதைச் செட்பேக் பார்க்கிறது. ஒன்றில் கிடைக்கும் விலக்கு மற்றொன்றுக்குத் தானாகச் செல்லாது. எதற்கெல்லாம் விலக்கு உண்டு என்பதும் இடத்துக்கு இடம் மாறும்.

இளங்கோ:
கணக்கை ஏற்கிறேன், ஆனால் விதியின் நியாயத்தை ஏற்க முடியவில்லை. அதே 300 சதுர மீட்டர், 6 மீட்டர் அகலமும் 50 மீட்டர் நீளமுமாக இருந்தால் இதே செட்பேக் போக 3-க்கு 44, அதாவது 132 சதுர மீட்டர்தான் மிஞ்சும். 450-ஐ எட்ட நான்கு தளங்கள் வேண்டும். 3 மீட்டர் அகலத்துக்குள் படிக்கட்டைப் போட்டபின் அறைக்கு என்ன மிஞ்சும்? குறியீட்டை மட்டும் வைத்துக்கொண்டு, எங்கே கட்டுவது என்பதை உரிமையாளரிடம் விட்டுவிட்டால் குறுகிய மனைக்காரர்கள் பிழைப்பார்கள்.

தமிழரசி:
குறுகிய மனைக்கு இரு பக்கமும் ஒரே அளவு இடைவெளி கேட்பது கடுமைதான். சுவரோடு சுவர் ஒட்டிக் கட்ட அனுமதிக்கும் விதிகள் அதற்காகவே பல இடங்களில் இருக்கின்றன. ஆனால் பெரிய மனையை எண்ணிப் பாருங்கள். 100 மீட்டருக்கு 100 மீட்டர் மனையில் நான்கு புறமும் 6 மீட்டர் விட்டாலும் 88-க்கு 88, அதாவது 77 விழுக்காட்டுக்கும் மேல் கட்டலாம். குறியீடு 1.5 அங்கே இரண்டு தளங்களிலேயே தீர்ந்துவிடும். முக்கால் பங்கு மண் சிமென்டுக்கு அடியில் போகும், மழைநீர் இறங்க கால் பங்கு மிஞ்சினாலே அதிகம், ஏனென்றால் அதிலும் வண்டிப்பாதைக்குத் தளம் போட்டுவிடுவார்கள். செட்பேக் சிறிய மனையை நெருக்கும், பெரிய மனையை ஏறக்குறைய விட்டுவிடும். அதனால்தான் தரையில் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற தனி வரம்பு பெரிய மனைகளுக்குத் தேவை என்கிறேன்.

இளங்கோ:
அந்த வரம்பு எல்லாரையும் உயரமாகக் கட்டத் தள்ளும். நியூயார்க் 1961-இல் இந்தக் குறியீட்டைக் கொண்டுவந்தபோது, தரையில் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு என்று சலுகையும் தந்தது. திறந்தவெளி கிடைத்தது; அவற்றில் பல நிழலோ உட்கார இடமோ இல்லாத வெற்றுத் தரையாகவே கிடந்தன. விழுக்காட்டை விதிக்கலாம், அந்த இடம் என்னவாகும் என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது.

செல்வம்:
உயர வரம்பைப் பார்த்தேன், 9 மீட்டர். மூன்று தளங்கள் அடங்குமா?

தமிழரசி:
தளத்துக்கு 3 மீட்டர் என்றால் சரியாக 9. ஆனால் அடிமட்டம் தரையிலிருந்து அரை மீட்டர் உயர்ந்தாலே கணக்கு உடைந்துவிடும். உயரத்தைச் சாலை மட்டத்திலிருந்து அளப்பார்களா, அடிமட்டத்திலிருந்தா என்பதையும், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் அதில் சேருமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.