அடகு நகை யார் சொத்து? மாமாவின் திவால் பட்டியலுக்கு உதவி வேண்டும்

வணக்கம். வேலூரில் மாமா நடத்திய செருப்புச் சாமான் கடை நொடித்துவிட்டது. மாகாணத் திவால் சட்டம், 1920-இன் கீழ் மனு போட, சொத்து கடன் பட்டியலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரக்கும் தேறும் வரவும் சேர்த்து 2,50,000 ரூபாய். அடகில் உள்ள நகையின் மதிப்பு 1,30,000, அதன் மேல் கடன் 90,000. மீதி 40,000-ஐயும் சேர்த்தால் கையில் 2,90,000.

முன்னுரிமைக் கடனில் ஜிஎஸ்டி பாக்கி 35,000. கடைப் பையனுக்குச் சம்பள பாக்கி 24,000. ஆனால் 61-ஆம் பிரிவில் சம்பளத்துக்கு முன்னுரிமை வெறும் 20 ரூபாய்தான்! (1920 கணக்கு, அப்படியே நிற்கிறது.) மீதி 23,980-ஐ ஈடில்லாக் கடனில் தள்ளினேன். சரக்கு கொடுத்தவர்களுக்கு 4,90,000. ஆகப் பற்றாக்குறை 2,59,000.

இப்போது அத்தை, அந்த நகை தன் சீதனம் என்கிறார். அடகுச் சீட்டு மாமா பெயரில். அத்தையுடையது என்றால் 40,000 போய்விடும், 90,000-மும் ஈடில்லாக் கடனாகும். பற்றாக்குறை 3,89,000 ஆகிவிடும்.

சீதனம் என்று காட்ட நீதிமன்றம் என்ன ஆதாரம் கேட்கும்? பழைய நகைக்கடை ரசீது அத்தை பெயரில் இருக்கிறது, அது போதுமா? இப்படி மனு போட்டவர்கள் சொல்லுங்கள்.