கலைச்சொல் வேண்டும்: அறிவிப்பு போய்ச் சேரும் மொழி

ம., ஈரோடு

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு சிறு கண் மருத்துவமனைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த செயலியில் ஒரு சொல்லுக்குத் தடுமாறி நிற்கிறோம். எப்படித் தேவைப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெண் ஆங்கிலத்தில் செயலியைத் திறந்து, தன் அம்மாவுக்குக் கண் பரிசோதனைக்கு நேரம் பதிந்தார். அம்மாவின் பதிவில் மொழி தமிழ் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் போனுக்கு எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் போயிருக்கிறது. அதில் இருந்த முக்கியமான வரி, கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், துணைக்கு ஆள் வேண்டும் என்பது. அவருக்கு அது புரியவில்லை. தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டார். சொட்டு மருந்து விடாமல் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.

பிழையைத் தேடினால், எங்கள் நிரலில் "மொழி" என்ற ஒரே சொல் மூன்று பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் தெரியும் மொழி ஒன்று, போனின் மொழி ஒன்று, இந்த ஆளுக்குச் செய்தி எந்த மொழியில் போக வேண்டும் என்பது ஒன்று. கூட்டத்தில் ஒருவர் "மொழியை மாற்றிவிட்டேன்" என்றால் எதை மாற்றினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மூன்றாவதற்குத் தனிப் பெயர் வேண்டும். "அறிவிப்பு மொழி" என்று வைத்துப் பார்த்தோம், யாருக்கும் பிடிக்கவில்லை.

வே., திருச்சி

வணக்கம். "அறிவிப்பு" வேண்டாம் என்றால் "அறிவிக்கை" போடலாமே? தேர்வாணையம் வெளியிடுவதும் அரசிதழில் வருவதும் அறிவிக்கைதான். என் போனை நான் முழுக்கத் தமிழில் வைத்திருக்கிறேன், அதில் "அறிவிப்புகள்" என்றுதான் வருகிறது. பார்க்கும்போதெல்லாம் ரயில் நிலைய ஒலிபெருக்கி நினைவுக்கு வருகிறது.

ம., ஈரோடு

நன்றி ஐயா. "அறிவிப்பு" என்ற சொல்லோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அது போய்ச் சேரும் மொழிக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

கு., பெங்களூரு

எனக்கு இதில் ஒரு அடிப்படைக் கேள்வி. தனியாக ஒரு விருப்பத்தேர்வே எதற்கு? சர்வரிலிருந்து வாக்கியத்தை அனுப்பாமல் அதன் சாவியை மட்டும் அனுப்புங்கள். ஃபயர்பேஸில் `title_loc_key`, `body_loc_key` இருக்கின்றன, ஆப்பிளில் `loc-key` இருக்கிறது. போன் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழி வாக்கியத்தைச் செயலியே எடுத்துக் காட்டிவிடும். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், ஒரு புகாரும் வந்ததில்லை. தேவையே இல்லாத ஒன்றுக்கு ஏன் சொல் தேட வேண்டும்?

ரா., சென்னை

கு. சொல்வது போனில் மேலிருந்து இறங்கும் அறிவிப்புக்குச் சரி. ஆனால் ம. சொன்ன அம்மாவுக்கு வந்தது எஸ்எம்எஸ். அதற்குப் போன் எந்த மொழியில் இருக்கிறது என்றே தெரியாது. சர்வரில் வாக்கியமாகவே கிளம்பி, வாக்கியமாகவே போய் விழுகிறது. மின்னஞ்சலும் அப்படித்தான். இன்னொன்றும் உண்டு. போனை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு தமிழில் படிக்க விரும்புகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். கடைக்காரர் ஆங்கிலத்தில் அமைத்துக் கொடுத்திருப்பார், அதை மாற்றத் தெரியாது, அவ்வளவுதான். செயலிக்குச் செயலி தனி மொழி வைத்துக்கொள்ளும் வசதி ஆண்ட்ராய்டு 13-லேயே, 2022-இல், வந்துவிட்டது. அமைப்புகளுக்குள் போய் அதை மாற்றியவர் யாரையாவது உங்கள் வீட்டில் பார்த்திருக்கிறீர்களா?

ம., உங்களுக்கு ஒரு கேள்வி. நேரம் பதிந்ததும் போகும் உறுதிச் செய்தி சிலருக்குத் தமிழிலும் சிலருக்கு ஆங்கிலத்திலும் போய், முதல்நாள் போகும் நினைவூட்டல் மட்டும் எல்லாருக்கும் ஆங்கிலத்தில் போகிறதா?

ம., ஈரோடு

ஆமாம்! அப்படியேதான். எப்படித் தெரிந்தது?

ரா., சென்னை

இரண்டும் வேறு வேறு பிழை, அதனால்தான் கேட்டேன். ரூபி ஆன் ரெயில்ஸில்தானே எழுதியிருக்கிறீர்கள்? அதன் ஆக்டிவ்ஜாப், ஒரு வேலையை வரிசையில் போடும்போது அந்த நொடியில் நடப்பிலிருந்த மொழியையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடும். பின்னால் வேலை ஓடும்போது அந்த மொழியிலேயே ஓடும். பதிந்தவர் மகள், அவர் திரை ஆங்கிலம். ஆகவே அம்மாவுக்குப் போன உறுதிச் செய்தியும் ஆங்கிலம். தனக்குத்தானே பதிந்துகொள்கிறவர்களுக்குப் பெரும்பாலும் பதிகிறவரும் பெறுகிறவரும் ஒருவரே என்பதால் பிழை வெளியே தெரியாது. சோதனை செய்பவரும் தன் எண்ணுக்கே அனுப்பிப் பார்ப்பார், சரியாக வரும்.

நினைவூட்டலின் கதை வேறு. குறித்த நேரத்தில் வேலையைத் தானே தொடங்கிவைக்கும் கிரான்தான் அதை இரவில் கிளப்புகிறது. அங்கே திரையும் இல்லை, உலாவியின் `Accept-Language` தலைப்பும் இல்லை, ஆளே இல்லை. எதுவும் சொல்லாவிட்டால் இயல்புமொழிதான். உங்களுடையது ஆங்கிலம் போலிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. வாக்கியத்தை உருவாக்கும் இடத்திலேயே பெறுகிறவரின் மொழியைக் கேட்டு எடுக்க வேண்டும்:

```ruby
lang = patient.notify_lang || I18n.default_locale
I18n.with_locale(lang) do
  text = I18n.t("reminder.eye_check", time: slot)
  Sms.send_to(patient.phone, text)
end
```

`patient` என்பதற்குப் பதில் `current_user` என்று எழுதினால் பழைய பிழை அப்படியே திரும்பி வரும்.

த., மதுரை

பொறுமையாக எல்லாவற்றையும் படித்தேன். நிரல் எனக்குத் தெரியாது, நாற்பது ஆண்டு தமிழ் சொல்லிக் கொடுத்தவன். நீங்கள் தேடுவது ஒருவரை எந்த மொழியில் அழைக்கிறோம் என்பது. அழைத்தலுக்கு இலக்கணத்தில் நல்ல சொல் இருக்கிறது, விளித்தல். எட்டாம் வேற்றுமையே விளி வேற்றுமை. "விளிமொழி" என்று வைத்தால் கச்சிதமாக இருக்கும்.

ந., யாழ்ப்பாணம்

த. ஐயாவுக்கு வணக்கம். சொல் அழகு, ஆனால் எனக்கு ஒரு பயம். விளிதல் என்றால் சாதலும்தானே? பிறனில் விழையாமையில் "விளிந்தார்" என்று வருவது செத்தவர்களை. வினைத்தொகையாகப் பிரித்தால் "விளிமொழி" செத்துக்கொண்டிருக்கும் மொழி ஆகிவிடும். அமைப்புகள் பக்கத்தில் அதற்குக் கீழே "தமிழ்" என்று போட எனக்கு மனம் வராது.

"அறிவிப்பு மொழி"யிலும் எங்களுக்கு ஒரு இடறல் உண்டு. இங்கே "அறிவித்தல்" என்றுதான் அதிகம் சொல்வோம், அதுவும் முதலில் மரண அறிவித்தலைத்தான் நினைவூட்டும். "இணைப்பு மொழி", "தொடர்பு மொழி" பக்கம் தயவுசெய்து போக வேண்டாம். எங்கள் அரசியலமைப்பில் இணைப்பு மொழி ஆங்கிலம். உங்கள் ஊரிலும் அந்தச் சொற்களுக்குப் பழைய சண்டை ஒன்று இருக்கிறது.

த., மதுரை

நீங்கள் சொல்வது சரி. "விளிமொழி"யைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இது எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

கு., பெங்களூரு

ரா. சொன்ன பிறகு எங்கள் பக்கம் பார்த்தேன். எங்கள் மின்னஞ்சல்களும் அனுப்புகிறவர் மொழியில்தான் போகின்றன. புகார் வராததற்குக் காரணம், எங்கள் பயனர் எல்லாருமே ஆங்கிலத்தில் வைத்திருப்பதுதான் போல.

பெயருக்கு "பெறுமொழி" எப்படி? மறுமொழி போல வாயில் வருகிறது.

ரா., சென்னை

மொழிபெயர்ப்புக்காரர்கள் தருமொழி, பெறுமொழி என்று ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். மூலம் எந்த மொழி, பெயர்த்து எந்த மொழிக்குப் போகிறது என்று சொல்ல. நம் செயலியில் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் இருக்கின்றன, இரண்டும் ஒரே கூட்டத்தில் அடிபடும்.

ம., ஈரோடு

நேற்று இதைப் படித்துக்கொண்டிருந்தபோது என் பையன் பக்கத்தில் விடுப்புக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். இடப்பக்கம் அனுப்புநர், அதன் கீழே பெறுநர். பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் தெரிந்த சொற்கள். "பெறுநர் மொழி" என்று வைத்தால் என்ன?

எனக்கு இதில் பிடித்தது, பிழைக்கும் இதுவே பெயர் தருகிறது. "பெறுநர் மொழியில் போக வேண்டியது அனுப்புநர் மொழியில் போய்விட்டது" என்று பிழைக் குறிப்பில் ஒரு வரி எழுதினால் போதும், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். திரையில் தெரிவதைத் "திரைமொழி" என்று பிரித்துவிடலாம்.

த., மதுரை

நல்ல சொல். இரண்டு சொல்லாகவே எழுதுங்கள், சேர்த்துக் கட்ட வேண்டாம்.

ந., யாழ்ப்பாணம்

எங்களுக்கும் பழகிய சொல்தான். ஆனால் நோயாளி பார்க்கும் திரையில் அதைப் போடாதீர்கள். அது நிரல் எழுதுகிறவர்களுக்கான சொல். அங்கே "உங்களுக்கு எஸ்எம்எஸ் எந்த மொழியில் வர வேண்டும்?" என்று கேட்டாலே போதும்.

ரா., சென்னை

ந. சொல்வதை வழிமொழிகிறேன். பெயர் வைத்தாயிற்று, சரி. ஆனால் அந்தத் தரவுப் புலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?

ம., ஈரோடு

பார்த்தேன், வருத்தமாக இருக்கிறது. புலத்தைப் புதிதாகச் சேர்த்தபோது யாரோ இயல்பு மதிப்பாக `en` கொடுத்துவிட்டார்கள். அன்றிருந்த பழைய நோயாளிகள் எல்லாரும் ஆங்கிலம் கேட்டவர்கள் ஆகிவிட்டார்கள். உண்மையிலேயே ஆங்கிலம் கேட்டவர் யார், யாரும் கேட்காமல் விடப்பட்டவர் யார் என்று இப்போது பிரிக்க வழியில்லை. புலத்தைச் சேர்த்த அன்றைக்குப் பிறகு பதிவு மாறாதவர்களுக்கு மதிப்பை அழித்து வெறுமையாக்கிவிட்டு, அடுத்த முறை வரும்போது வரவேற்பில் கேட்கச் சொல்லியிருக்கிறோம். வெறுமை என்றால் "இன்னும் கேட்கவில்லை" என்று பொருள், ஆங்கிலம் என்று அல்ல.

அதுவரை அவர்களுக்கு எதில் அனுப்புவது? தமிழில் என்று நான் சொன்னேன், கணக்குப் பார்ப்பவர் தயங்கினார். ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும், தமிழ் என்றால் 70 இடம்தான். அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம், "க்கு" என்பதற்கே நான்கு போய்விடும். உட்கார்ந்து எண்ணி எண்ணி இப்படிச் சுருக்கினோம்:

"நாளை காலை 10 மணிக்குக் கண் பரிசோதனை. துணைக்கு ஒருவரை அழைத்து வரவும்."

68 இடம். ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்குகிறது. முன்னால் பெயரைச் சேர்த்தால் 70 தாண்டி இரண்டாக உடையும், அப்புறம் துண்டுக்கு 67 இடம்தான், காசும் இரண்டு மடங்கு. பெயரை விட்டுவிட்டோம்.

ரா., சென்னை

அந்தத் தமிழ் வாக்கியத்தை, தொலைபேசி நிறுவனங்கள் எஸ்எம்எஸ் வாக்கியங்களைப் பதிந்து வைக்கும் டிஎல்டி-யில் தனி வார்ப்புருவாகப் பதிந்துவிட்டீர்களா? ஆங்கிலத்தைப் பதிந்ததோடு விட்டால் தமிழ் போகாது. பதிந்த பிறகு ஒற்றெழுத்து ஒன்றை யாராவது திருத்தினாலும் போகாது. உங்கள் பக்கம் "அனுப்பியாயிற்று" என்றிருக்கும், நிறுவனம் தரும் சேர்ப்பு அறிக்கையைப் பார்த்தால்தான் தெரியும்.

வே., திருச்சி

முதலில் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இப்போது புரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். பெயரை விட்டுவிட்டதாகச் சொன்னீர்களே. எங்கள் வீட்டில் எனக்கும் என் மனைவிக்கும் என் மாமியாருக்கும் மருத்துவமனையில் கொடுத்திருப்பது ஒரே எண், என் மகனுடையது. அவன் ஆங்கிலத்தில்தான் படிப்பான். மாமியாருக்குப் பரிசோதனை என்றால் அங்கே பெறுநர் யார்? நோயாளியா, போன் வைத்திருக்கிறவனா?

ம., ஈரோடு

ஐயா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. மொழியை இப்போது நோயாளியோடு கட்டி வைத்திருக்கிறோம், எண்ணோடு அல்ல. உங்கள் வீட்டுக்கு அது தவறாகப் போகும். பெயர் இல்லாததால் யாருக்குப் பரிசோதனை என்றும் உங்கள் மகனுக்குத் தெரியாது. இப்படி ஒரே எண்ணில் பலர் இருக்கும் பதிவுகளை நாளை எடுத்துப் பார்க்கிறேன்.

ந., யாழ்ப்பாணம்

பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். வாசிப்பவர்தான் பெறுநர் என்று எனக்குப் படுகிறது. த. ஐயா என்ன சொல்கிறார்?

த., மதுரை

கடிதம் யார் பெயருக்கு வருகிறதோ அவரே பெறுநர், யார் படித்துச் சொன்னாலும். ஆனால் மகன் படித்துச் சொல்ல மறந்துவிட்டால், வே. வீட்டு அம்மாவும் துணையில்லாமல்தான் வந்து நிற்பார். யோசிக்கிறேன்.