போன் ஸ்பீக்கரில் ஜால்ரா மட்டும் கேட்கிறது, பேச்சு புரியவில்லை

தோவாளைத் தம்பி:
தோவாளைப் பூச்சந்தையில் ஒரு பாட்டி விலை சொல்லிப் பேசுவதை மூன்று நிமிட வீடியோவாக எடுத்தேன். பின்னணியில் எங்கள் ஊர்க்கோயில் கொடையில் நானே பதிவு செய்த வில்லிசை: குடம், உடுக்கை, ஜால்ரா, வில்லில் கட்டிய மணிகள். பாட்டு இல்லை, வாத்தியம் மட்டும். ஹெட்போனில் அருமையாக இருக்கிறது. அத்தையின் போனில் போட்டுக் காட்டினால், "கிலோ எழுபதா எண்பதா, என்ன சொல்லுது அந்தப் பாட்டி?" என்கிறார். இசையைக் குரலைவிட 12 டெசிபல் கீழே வைத்திருந்தேன், பிறகு 18 ஆக்கினேன். இப்போது இசை செத்துவிட்டது, பேச்சும் தெளியவில்லை. எங்கே தப்பு?

முட்டம்கரை:
அத்தை போன் ஸ்பீக்கர் ஓட்டையில் தூசி இருக்கும் மக்கா. பழைய டூத் பிரஷ் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பார்.

தோவாளைத் தம்பி:
தேய்த்தாயிற்று அண்ணே. நான்கு போனில் பார்த்தேன், எல்லாவற்றிலும் இதே கதைதான்.

கல்யாண எடிட்டர்:
இசையை இன்னும் இறக்குங்கள், 25 வரை போகலாம். இல்லையென்றால் Audacity-யில் Auto Duck போடுங்கள். பேச்சு வரும்போது இசை தானே தணியும். நான் எல்லா வீடியோவுக்கும் அதைத்தான் செய்கிறேன்.

ஒலிக்கார அண்ணாச்சி:
தணிப்பது சரிதான், ஆனால் இங்கே நோய் வேறு. தம்பி, ஹெட்போனில் உங்கள் காதுக்குத் தாளம் சொல்வது குடத்தின் 'தொம்'. ஜால்ரா ஓரத்தில் லேசாகச் சிலிர்க்கிறது, அவ்வளவுதான். போன் ஸ்பீக்கர் சின்னது, அந்த 'தொம்'மைத் தள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. குடம் போய்விட்டால் மிச்சம் ஜால்ராவும் மணியும். அவை ஒலிக்கும் இடத்தில்தான் பாட்டியின் ச, ட, ப எல்லாம் இருக்கின்றன, ஏறக்குறைய 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. 'எழுபது', 'எண்பது' இரண்டையும் பிரிப்பது நடுவிலிருக்கும் அந்த ஓர் எழுத்து. அதன் மேல் ஒரு ஜால்ரா விழுந்தால் போயிற்று.

அதனால் மொத்த இசையையும் அமுக்காதீர்கள். 14 டெசிபல் கீழே என்று திரும்ப ஏற்றிக்கொண்டு, இசை டிராக்கில் மட்டும் Filter Curve EQ போட்டு 2 முதல் 5 வரை ஒரு அகலமான பள்ளம் வையுங்கள், 6 டெசிபல் ஆழம். கூர்மையான பள்ளம் வேண்டாம், மணி ஓசை தகரம் மாதிரி ஆகிவிடும். உடுக்கை பெரும்பாலும் அதற்குக் கீழேதான், அது தப்பித்துக்கொள்ளும். போனில் வில்லிசை என்று காட்டப்போவதும் உடுக்கைதான்.

சோதிப்பது போனிலேயே, பாதி சத்தத்தில், ஃபேன் ஓடும்போது. நீங்கள் கேட்டால் பயனில்லை, பாட்டி சொன்னது உங்களுக்கு மனப்பாடம். புதிதாகக் கேட்பவரிடம் விலையை எழுதச் சொல்லுங்கள்.

குளச்சல் மைக்:
எனக்கு இதைவிட மோசம். ஹெட்போனில் குரல் இருந்தது, ஒற்றை ஸ்பீக்கர் போனில் குரலே காணோம், இசை மட்டும் ஓடுகிறது! இதுவும் அதேதானா?

ஒலிக்கார அண்ணாச்சி:
இல்லை, அது வயர் விவகாரம். மேடை மைக்கைத் தப்பான கேபிளில் ரெக்கார்டரில் சொருகினால் இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் பதியும். போன் இரண்டையும் கூட்டும்போது குரல் தன்னையே அழித்துக்கொள்ளும். மோனோவாக மாற்றிப் பாருங்கள், குரல் மறைந்தால் அதுதான். ஒரு பக்கத்தை மட்டும் Invert செய்துவிட்டு மறுபடி மோனோவாக்குங்கள். தம்பிக்குக் குரல் மறையவில்லை, மங்குகிறது. இரண்டும் வேறு.

தோவாளைத் தம்பி:
அண்ணாச்சி, பள்ளம் வைத்தேன். பக்கத்து வீட்டுப் பையன் எட்டு விலையில் ஏழைச் சரியாக எழுதினான்! முன்பு அத்தை நான்குதான் பிடித்தார். கூடவே Auto Duck-உம் போட்டேன், குரல் டிராக் இசைக்கு நேர் கீழேதான் இருக்கிறது. ஆனால் பாட்டி பேசாத இடத்தில்கூட இசை ஏறவே இல்லை.

ஒலிக்கார அண்ணாச்சி:
சந்தை இரைச்சலையும் அது பேச்சு என்று நம்புகிறது. Threshold அதுவாக -30 டெசிபலில் இருக்கும். பேச்சில்லாத இடத்தில் குரல் டிராக் எவ்வளவு காட்டுகிறது?

தோவாளைத் தம்பி:
-27 பக்கம். பேசும்போது -15.

ஒலிக்கார அண்ணாச்சி:
அப்போ Threshold-ஐ -22 ஆக்குங்கள். Duck amount -12 என்றிருக்கும், உங்களுக்கு -5 போதும், பாதி வேலையைப் பள்ளமே செய்துவிட்டது. Maximum pause-ஐ 1 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் பாட்டி மூச்சு விடும்போதெல்லாம் இசை எம்பி எம்பிக் குதிக்கும்.

கல்யாண எடிட்டர்:
நான் எப்போதும் -12-இலேயே விட்டுவிடுவேன். யாரும் குறை சொன்னதில்லையே?

ஒலிக்கார அண்ணாச்சி:
கல்யாண வீடியோவை டிவியில் பார்ப்பார்கள் அண்ணே.

தோவாளைத் தம்பி:
இசை இப்போது சரியாக ஏறி இறங்குகிறது. அந்த எட்டாவது விலை மட்டும் இன்னும் பிடிபடவில்லை. 'பிச்சி' என்று தொடங்கும்போதே பின்னால் ஒரு லாரி ஹார்ன். இசையை முழுக்க நிறுத்தினாலும் அங்கே புரியவில்லை.

ஒலிக்கார அண்ணாச்சி:
அது குரல் டிராக்கிலேயே கிடக்கிறது, இசையைத் தொட்டு ஆகாது. ஹார்னைப் பிரித்தெடுக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். நானாக இருந்தால் அந்த விலையைத் திரையில் எழுத்தாகப் போட்டுவிடுவேன்.

முட்டம்கரை:
அது கிடக்கட்டும், பிச்சி கிலோ என்ன விலைக்குப் போகுது?