புதுப்பிப்பு: ராட்டினம் மேலயே நின்னுபோன விஷயம்

"மேல மாட்டுனவங்கள ஏன் உடனே கயித்துல இறக்கல?"ன்னு கேட்டவங்களுக்கு:

ஆப்பரேட்டர் விளக்கம் வந்துருச்சு. ஒரு சென்சார் தப்பா ரீடிங் கொடுத்து பிரேக் தானா பிடிச்சிருக்கு. மோட்டார்ல சுத்த முடியுறவரைக்கும் கயிறு கடைசி வழிதானாம், ஸ்பீக்கர்ல பேசி எல்லாரையும் உக்கார வச்சுட்டு பேக்கப் மோட்டார்ல மெதுவா சுத்தி கேபின் கேபினா இறக்கிருக்காங்க. லிஃப்ட் வேலை பாக்குற அண்ணன் சொன்னது இதான், ஒரு பக்கமே வரிசையா காலி பண்ணா மறுபக்கம் கனமாகி சக்கரம் தானா உருளப் பாக்கும், அதான் ஒண்ணு இங்க, அடுத்தது நேர் எதிர்லன்னு மாத்தி மாத்தி இறக்குனாங்க. டெக்னீஷியன் ஒருத்தர் கடைசி வரைக்கும் பிரேக் லீவர்லேர்ந்து கைய எடுக்கவே இல்ல, நானே பாத்தேன்.

2008 டிசம்பர்ல சிங்கப்பூர் ஃபிளையர்ங்கற ராட்சத ராட்டினத்துல 173 பேரையும் கயித்துலதான் இறக்குனாங்கன்னு எழுதுன தம்பி, மாட்டுனது 173 பேர் சரிதான், ஆனா கயித்துல வந்தது கொஞ்ச பேர்தான், மத்தவங்க சுமார் 6 மணி நேரம் கழிச்சு சக்கரம் திரும்ப சுத்துனப்போதான் இறங்குனாங்க.

ரீஃபண்ட் கேட்ட அக்கா, அது கவுண்டர்லதான் கேக்கணும், என்கிட்ட இல்ல!

சென்சார் ஏன் கெட்டுச்சுன்னு மட்டும் இன்னும் சொல்லல. மழைத்தண்ணியா, பழைய வயரிங்கா, அண்ணனும் அடிச்சு சொல்ல மாட்டேங்கறார்.